சிம்மை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றியதும் யுபிஐ ஆப் ஏன் மறுபடி எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்கிறது?

சிம்மை ஒன்றாம் ஸ்லாட்டிலிருந்து எடுத்து இரண்டாம் ஸ்லாட்டில் போடுகிறீர்கள். எண் அதேதான், போனும் அதேதான், வங்கிக் கணக்கிலும் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் பணம் அனுப்பலாம் என்று ஆப்பைத் திறந்தால், மொபைல் எண்ணைச் சரிபார்க்க வேண்டும், உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போகும் என்று வந்து நிற்கிறது. சரி என்று அழுத்தினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் முடியவில்லை என்கிறது.

இந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்பார் ஒருவர். ஓடிபி வரவில்லை, டவர் கிடைக்கும் இடத்துக்குப் போ என்பார் இன்னொருவர். பின்னை மாற்று, ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடு என்பதும் வரும். நடப்பது இதில் எதுவும் இல்லை. கடைசியாகச் சொன்ன யோசனை சில நேரம் புதிய தலைவலியையும் சேர்த்துக் கொண்டுவரும். அது ஏன் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

## இது ஓடிபி இல்லை, மிஸ்டு கால் மாதிரி

புதிதாக அறிமுகமானவரிடம் எண்ணை எப்படிக் கொடுக்கிறோம்? பத்து இலக்கத்தையும் வாயால் சொன்னால் ஒன்றிரண்டு தப்பாகிவிடும் என்று, ‘ஒரு மிஸ்டு கால் கொடுங்க, சேவ் பண்ணிக்கிறேன்’ என்கிறோம். கால் வந்ததும் அவர் போனில் உங்கள் எண் தானாகத் தெரிகிறது. அதை நீங்கள் சொல்லவில்லை. உங்கள் சிம்மை அடையாளம் கண்டுகொண்ட டெலிகாம் நிறுவனம் சொல்கிறது. அதனால்தான் அதை நம்ப முடிகிறது.

யுபிஐ ஆப் செய்வதும் ஏறக்குறைய இதேதான். மிஸ்டு காலுக்குப் பதிலாக ஒரு எஸ்எம்எஸ். அது உங்கள் போனிலிருந்து வெளியே போகிறது, உள்ளே வருவதில்லை. ஓடிபியோ நேர் எதிர்த்திசையில் வருவது: வங்கி அனுப்பும், நீங்கள் படித்துத் தட்டச்சு செய்வீர்கள்.

ஏன் ஓடிபியை இங்கே பயன்படுத்தவில்லை? ஓடிபியை போனில் சொல்லிவிட முடியும். மதுரையில் இருப்பவருக்கு வந்த ஓடிபியை அவரிடமே ஏமாற்றிக் கேட்டு வாங்கி, வேறு எங்கோ இருக்கும் ஒருவர் தன் போனில் போட்டுவிடலாம். அந்தச் சிம் எந்தப் போனுக்குள் இருக்கிறது என்று ஓடிபியால் சொல்ல முடியாது. வெளியே போகும் எஸ்எம்எஸ் சொல்லும். ஆப் இருக்கும் அதே போனிலிருந்து, அதே சிம் வழியாக அது கிளம்ப வேண்டும்.

இப்படி ஒரு எண், ஒரு போன், ஒரு ஆப் ஆகிய மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போடுவதற்கு டிவைஸ் பைண்டிங் என்று பெயர். இனி இதைப் பிணைப்பு என்றே சொல்வோம். ஒவ்வொரு ஆப்பும் தனக்கென்று தனியாக ஒரு முடிச்சுப் போடுகிறது. அதனால் போனில் இரண்டு யுபிஐ ஆப்பும் வங்கியின் சொந்த ஆப்பும் இருந்தால், சிம் இடம் மாறியதும் மூன்றும் தனித்தனியாகக் கேட்கலாம். ஒன்றில் முடித்தது இன்னொன்றுக்குச் செல்லாது.

இதுவரை பார்த்ததன் சாரம்: ஆப் உங்களிடம் எண்ணைக் கேட்கவில்லை. டெலிகாம் நிறுவனத்திடம் கேட்கிறது. அந்தக் கேள்வியைச் சுமந்து போவதுதான் அந்த எஸ்எம்எஸ்.

## எண் மாறவில்லையே, பிறகு எதற்குக் கேட்கிறது?

பலரைக் குழப்புவது இந்த இடம்தான். சிம்மைப் பார்த்தாலே ஆப்புக்கு எண் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் தெரியாது. சிம் அட்டைக்குள் சொந்த எண்ணை எழுதிவைக்க ஓரிடம் உண்டு. பல சிம்களில் அது காலியாகக் கிடக்கும், அல்லது பழைய எண்ணைச் சுமந்துகொண்டிருக்கும். அதை நம்பி யாரும் பணத்தை விட முடியாது.

சரி, சிம்மின் முதுகில் அச்சடித்திருக்கும் நீண்ட எண்ணையாவது படிக்கலாமே? அதற்கு ஐசிசிஐடி என்று பெயர். சிம் அட்டையின் சொந்த வரிசை எண், உலகத்தில் ஒன்றுக்கொன்று வேறு. அடையாளத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் ஆண்ட்ராய்டு 10 முதல் சாதாரண ஆப்கள் அதைப் படிக்க முடியாதபடி கூகுள் அடைத்துவிட்டது. அந்த எண்ணை வைத்து ஒருவரைக் காலம் முழுக்கப் பின்தொடர முடியும் என்பதால், தனியுரிமைக்காகச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் பக்கவிளைவு நம் தலையில் விழுகிறது.

இப்போது ஆப்பின் கையில் மிச்சம் இருப்பவை சில்லறை அடையாளங்கள். போன் ஒவ்வொரு சிம்முக்கும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஒரு வரிசை எண் (சப்ஸ்கிரிப்ஷன் ஐடி), அந்தச் சிம் எந்த ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறது, எந்த நிறுவனத்தின் சிம். பள்ளியில் பெயர் தெரியாத புது ஆசிரியர், ‘முதல் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தவன்’ என்று குறித்துவைத்துக்கொள்வதைப் போல. மறுநாள் அந்தப் பையன் மூன்றாம் பெஞ்சுக்குப் போய்விட்டால், அவன்தானா இவன் என்று ஆசிரியருக்குச் சந்தேகம் வரும். பெயரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆப்பின் கண்ணுக்கு ஸ்லாட் மாற்றம் இப்படித் தெரிகிறது:

```
முன்பு:   subscriptionId = 3   simSlotIndex = 0
இப்போது: subscriptionId = 3   simSlotIndex = 1
```

ஆண்ட்ராய்டு ஸ்லாட்டுகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதனால் 0 என்றால் திரையில் நாம் பார்க்கும் SIM 1. 1 என்றால் SIM 2. மேலே முதல் எண் மாறவில்லை, அதே சிம் என்று போன் அறிந்திருக்கிறது. ஆனால் இரண்டாவது எண் மாறிவிட்டது. இரண்டில் எதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது என்பது ஆப்பை எழுதியவர்களின் முடிவு. சில ஆப்கள் ஸ்லாட் மாறியதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பல ஆப்கள் எதற்கு வம்பு என்று பிணைப்பை அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து கேட்கும். ஒரே போனில் ஓர் ஆப் கேட்க, இன்னொன்று கேட்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

ட்ரேயை வெளியே இழுக்கும்போது சில நொடிகளுக்கு இரண்டு சிம்மும் போனில் இல்லை. அந்த நேரத்தில் ஆப் விழித்திருந்தால், ‘பதிவு செய்த சிம்மைக் காணோம்’ என்று அப்போதே குறித்துக்கொள்ளலாம். சிம்மை ட்ரேயிலிருந்து எடுக்காமல், செட்டிங்ஸில் அதை அணைத்துவைத்தாலும் ஆப்புக்கு அது காணாமல் போனதாகவே தெரியும்.

‘அப்படியானால் பழைய ஸ்லாட்டிலேயே திருப்பிப் போட்டால் சரியாகிவிடுமா?’ ஆப்பைத் திறப்பதற்கு முன்பே போட்டுவிட்டால் சில நேரம் தப்பிக்கலாம். ஆப் ஒருமுறை கேட்டுவிட்டது என்றால், பெரும்பாலும் அந்தச் சரிபார்ப்பை முடித்தே ஆக வேண்டும். திரும்பத் திரும்ப ட்ரேயைக் கழற்றுவதில் பயன் இல்லை.

## ஸ்லாட் மாற்றம் வேறு, சிம் மாற்றம் வேறு

திரையில் வரும் செய்தி இரண்டுக்கும் ஒன்றாக இருப்பதால், இந்த வேறுபாட்டை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. அதே அட்டையை வேறு துளையில் போட்டால் அது ஸ்லாட் மாற்றம். சிம் தொலைந்து அதே எண்ணுக்கு டூப்ளிகேட் வாங்கினாலோ, 4ஜி சிம்மைக் கொடுத்து 5ஜி சிம் வாங்கினாலோ அட்டையே புதிது. அது சிம் மாற்றம்.

இந்தியாவில் அதே எண்ணுக்கு மாற்றுச் சிம் வாங்கினால், அது இயங்கத் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரம் அந்த எண்ணில் எஸ்எம்எஸ் போகாது, வராது. தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவு அது. வேறு யாரோ உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் எடுத்துக் கணக்கைக் காலி செய்யாமல் இருக்கப் போட்ட தடுப்பு. அந்த 24 மணி நேரத்துக்குள் என்ன செய்தாலும் யுபிஐ சரிபார்ப்பு முடியாது. காத்திருப்பதைத் தவிர வழி இல்லை. வெறும் ஸ்லாட் மாற்றத்துக்கு இந்தத் தடை கிடையாது. ஆகவே ‘நாளைக்குத்தான் ஆகும்’ என்று யாராவது சொன்னால், அட்டையே மாறியதா என்று முதலில் பாருங்கள்.

## எஸ்எம்எஸ் எந்த வழியாகப் போகிறது

சரிசெய்ய இறங்கும் முன் அந்த ஒரு எஸ்எம்எஸ்ஸின் பயணத்தைப் பார்த்துவிட்டால், எங்கே தடுக்கிறது என்பது தானாகப் பிடிபடும்.

நீங்கள் சரி என்று அழுத்தியதும் ஆப், தன் சர்வரிலிருந்து ஒரு ரகசியக் குறியீட்டை வாங்கிக்கொள்கிறது. அனுப்பிய செய்திகளில் போய்ப் பார்த்தால், பொருள் புரியாத எழுத்துகளும் எண்களும் கலந்த நீண்ட வரியாக அது இருக்கும். அந்தக் குறியீட்டை நீங்கள் தேர்ந்த சிம் வழியாக, ஆப்புக்குப் பின்னால் இருக்கும் வங்கி வைத்திருக்கும் ஓர் எண்ணுக்கு ஆப் அனுப்புகிறது. வழியில் டெலிகாம் நிறுவனம் அனுப்புநர் எண்ணை ஒட்டிவிடுகிறது. அந்தப் பக்கம், ‘இந்தக் குறியீட்டை இந்தப் போனுக்குத்தான் கொடுத்தோம், அது இந்த எண்ணிலிருந்து வந்திருக்கிறது’ என்று சர்வர் சேர்த்துப் பார்க்கிறது. பொருந்தினால் முடிச்சு விழுகிறது. பிறகு அந்த எண்ணில் எந்த வங்கிக் கணக்கு இருக்கிறது என்று தேடுகிறது.

குறியீட்டுக்கு ஆயுள் குறைவு. சிறிது நேரத்துக்குள் வந்து சேராவிட்டால் சர்வர் அதைத் தள்ளிவிடும். அனுப்பாமல் நின்றுபோன பழைய செய்தியை மறுபடி அழுத்தி அனுப்புவது இதனால்தான் பலிப்பதில்லை. ஆப்புக்குள் போய்ப் புதிதாகத் தொடங்கினால்தான் புதுக் குறியீடு கிடைக்கும்.

இந்தப் பயணத்தில் உங்கள் யுபிஐ பின் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பின் சம்பந்தப்பட்டது உங்கள் கணக்கு இருக்கும் வங்கியோடு. அதற்கும் சிம் ஸ்லாட்டுக்கும் தொடர்பு இல்லை. சரிபார்ப்பு முடிந்ததும் பழைய பின்னே வேலை செய்யும். பின்னை மாற்று என்ற யோசனையை இங்கேயே விட்டுவிடலாம்.

சுருக்கமாக: சரியான சிம், எஸ்எம்எஸ் போகும் நிலையில் உள்ள சிம், அனுப்ப அனுமதி உள்ள ஆப். இந்த மூன்றில் ஒன்று தப்பினால் சக்கரம் சுற்றும்.

## முதலில் ஆப்பை மூடிவிட்டு, சிம்மைச் சோதியுங்கள்

ஆப்புக்குள் பத்துத் தடவை முயன்று பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தொடர்ந்து தோற்றால் சில ஆப்கள் கொஞ்ச நேரத்துக்கு மேற்கொண்டு முயலவே விடாது. அதற்குப் பதில் மெசேஜ் ஆப்பைத் திறந்து, வங்கியில் கொடுத்த எண் உள்ள சிம்மைத் தேர்ந்து, வீட்டில் இருக்கும் இன்னொரு போனுக்கு ‘டெஸ்ட்’ என்று ஒரு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் இல்லை, எஸ்எம்எஸ்ஸாக. இந்த ஒரு சோதனை பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடும்.

செய்தி போய்ச் சேர்ந்து, அந்தப் போனில் சரியான எண்ணும் தெரிந்தால் சிம்மில் குறை இல்லை; ஆப்பின் பக்கம் பார்க்கலாம். செய்தி சேர்ந்தது, ஆனால் வேறு எண்ணிலிருந்து வந்ததாகக் காட்டுகிறது என்றால், SIM 1 எது, SIM 2 எது என்பதில் நீங்கள் ஏமாந்திருக்கிறீர்கள். செய்தி போகவே இல்லை என்றால் ஆப்பை நோண்டுவதில் பொருளில்லை, முதலில் சிம்மைச் சரிசெய்ய வேண்டும்.

போகாததற்குப் பெரும்பாலும் ரீசார்ஜ்தான் காரணம். இன்கமிங் வருகிறது என்பதற்காக எஸ்எம்எஸ்ஸும் போகும் என்று அர்த்தம் இல்லை. வெறும் டேட்டா வவுச்சரில் எஸ்எம்எஸ் சேர்ந்திருக்காது. வங்கிக்கென்று தனியாக ஒரு சிம்மை வைத்து, குறைந்த ரீசார்ஜில் உயிரோடு வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். பிளானில் எஸ்எம்எஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மெயின் பேலன்ஸில் சில ரூபாயாவது வேண்டும். சரிபார்ப்பு எஸ்எம்எஸ்ஸுக்கும் சாதாரணக் கட்டணம் பிடிக்கும், தோற்ற முயற்சிக்கும் சேர்த்து.

ரீசார்ஜ் சரியாக இருந்தும் போகவில்லை, அதுவும் ஸ்லாட் மாற்றிய பிறகுதான் போகவில்லை என்றால், VoLTE என்ற சுவிட்சைப் பாருங்கள். 2ஜி, 3ஜி இல்லாமல் 4ஜி, 5ஜி மட்டும் உள்ள நெட்வொர்க்கில் காலும் எஸ்எம்எஸ்ஸும் இந்த வழியைத்தான் நம்பியிருக்கின்றன. பல போன்களில் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் இது தனித்தனி சுவிட்ச். சிம் முன்பு இருந்த இடத்தில் அது போட்டிருந்திருக்கும். இப்போது வந்த இடத்தில் அணைந்து கிடக்கலாம். செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பக்கத்துக்குப் போய், அந்தச் சிம்மைத் தொட்டு, VoLTE அல்லது 4G Calling என்று இருப்பதை இயக்கிவிட்டு, ஏரோப்ளேன் மோடை அரை நிமிடம் போட்டு எடுங்கள். பிறகு மறுபடி ஒரு டெஸ்ட் செய்தி.

## ஒரு போனை எடுத்துக்கொள்வோம்

பேட்டரி மாற்றக் கொடுத்து வாங்கிய போன். இரண்டு சிம்மும் ஒரே நிறுவனம். வங்கியில் கொடுத்த எண் முன்பு SIM 1-இல் இருந்தது, டேட்டாவுக்கு வாங்கியது SIM 2-இல். கடையில் ட்ரேயைக் கழற்றி மாட்டியபோது இரண்டும் இடம் மாறிவிட்டன. போன்காரருக்கு இது தெரியாது.

ஆப் சரிபார்க்கச் சொல்கிறது. எந்தச் சிம் என்று கேட்கிறது: SIM 1, SIM 2. இரண்டுக்கும் பக்கத்தில் ஒரே நிறுவனத்தின் பெயர். வங்கி எண் எப்போதும் ஒன்றில்தான் என்ற பழக்கத்தில் SIM 1-ஐத் தொடுகிறார். எஸ்எம்எஸ் போகிறது, சேர்ந்தும் விடுகிறது, ஆனால் டேட்டா சிம்மின் எண்ணிலிருந்து.

இப்போது ஆப்பைப் பொறுத்து இரண்டில் ஒன்று நடக்கும். பழைய எண்ணை நினைவில் வைத்திருக்கும் ஆப், எண் பொருந்தவில்லை என்று மறுத்துவிடும். வந்த எண்ணையே எடுத்துக்கொள்ளும் ஆப்போ சரிபார்ப்பு முடிந்தது என்று பச்சை டிக் போட்டுவிட்டு, அடுத்த திரையில் ‘இந்த எண்ணில் வங்கிக் கணக்கு எதுவும் இல்லை’ என்று சொல்லும். இரண்டாவதுதான் வயிற்றைக் கலக்கும். கணக்கே போய்விட்டதோ என்று தோன்றும். கணக்கு இருந்த இடத்தில் பத்திரமாக இருக்கிறது. தேடியது வேறு எண்ணில்.

எது எந்தச் சிம் என்று கண்டுபிடிக்க, செட்டிங்ஸில் சிம் பக்கத்தில் காட்டும் எண்ணை நம்பக் கூடாது. அது சிம்முக்குள் எழுதிய பழைய எண்ணாகவோ, நீங்களே எப்போதோ தட்டச்சு செய்ததாகவோ இருக்கலாம். SIM 2-ஐத் தேர்ந்து வீட்டுப் போனுக்கு ஒரு மிஸ்டு கால். வங்கி எண் அங்கே தெரிகிறது. ஆக வங்கிச் சிம் இப்போது இரண்டில். ஆப்பில் பின்னால் போய், சரிபார்ப்பைப் புதிதாகத் தொடங்கி SIM 2-ஐத் தேர்ந்தால் வேலை முடிந்தது. ட்ரேயைத் தொடவே தேவையில்லை.

இதே போனில் இன்னொரு சிக்கலும் வந்திருக்கலாம். எந்தச் சிம் என்று கேட்காமலே, போனில் எஸ்எம்எஸ்ஸுக்கென்று வைத்திருக்கும் இயல்புச் சிம்மில் அனுப்பிவிடும் ஆப்களும் உண்டு. அப்படிப்பட்ட ஆப்புக்கு, செட்டிங்ஸில் சிம் பக்கத்தில் SMS என்ற வரிக்குப் போய், ‘ஒவ்வொரு முறையும் கேள்’ என்று இருப்பதை வங்கி எண் உள்ள சிம்முக்கு மாற்றிவிட்டு முயல வேண்டும். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். டேட்டா எந்தச் சிம்மில் ஓடுகிறது என்பது இதற்குத் தடை இல்லை.

## சிம் நன்றாக இருந்தும் ஆப் அனுப்பவில்லை என்றால்

அனுப்பிய செய்திகளைத் திறந்து பாருங்கள். பல போன்களில் ஆப் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸும் அங்கே பதிவாகும். புரியாத எழுத்து வரி எதுவுமே இல்லை என்றால், ஆப்புக்கு அனுப்ப அனுமதி இல்லாமல் இருக்கலாம். ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து, ஆப் தகவலுக்குப் போய், Permissions-இல் SMS, Phone இரண்டையும் அனுமதியுங்கள். முதலாவது எஸ்எம்எஸ் அனுப்ப. இரண்டாவது எந்த ஸ்லாட்டில் எந்தச் சிம் என்று பார்க்க. நீண்ட நாள் திறக்காத ஆப்பின் அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானாகவே பறித்துவிடும் என்பதால், ஒருகாலத்தில் கொடுத்தோமே என்று விட்டுவிட வேண்டாம்.

குறுகிய எண்ணுக்குச் செய்தி போகும்போது, கட்டணம் பிடிக்கலாம், அனுப்பட்டுமா என்று போனே குறுக்கே ஒரு பெட்டியைக் காட்டுவதும் உண்டு. அதைக் கவனிக்காமல் மூடினால் எஸ்எம்எஸ் அங்கேயே நின்றுவிடும்.

விபிஎன் இருந்தால் அணைத்துவிடுங்கள். சக்கரம் சுற்றும்போது வேறு ஆப்புக்குத் தாவாமல், திரையை அணைக்காமல் அப்படியே விடுங்கள். மாலை நெரிசல் நேரத்தில் எஸ்எம்எஸ் தாமதமாகச் சேர்ந்து குறியீடு காலாவதியாவதும் நடக்கும். அப்போது சிறிது நேரம் கழித்து ஒரே ஒரு முறை முயல்வது நல்லது.

ஐபோனில் கதை சற்று வேறு. அங்கே எந்த ஆப்பும் உங்களுக்குத் தெரியாமல் எஸ்எம்எஸ் அனுப்ப முடியாது. குறியீட்டை எழுதி நிரப்பிய மெசேஜ் திரை திறக்கும், அனுப்பும் பொத்தானை நீங்கள்தான் தொட வேண்டும். தொடும் முன் மேலே எந்த லைனிலிருந்து போகிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் மாற்றுங்கள். அந்த எழுத்து வரியில் ஒரு இடைவெளியைக்கூடச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது.

## ஆப்பை அழிப்பதற்கு முன்

ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தாலும் கடைசியில் இதே எஸ்எம்எஸ் சரிபார்ப்புக்குத்தான் வந்து நிற்பீர்கள். கூடுதலாக ஒன்றை இழக்க வாய்ப்பு உண்டு. பின் இல்லாமல் சிறு தொகை கொடுக்க UPI Lite வைத்திருந்தால், அந்த இருப்பு அந்தப் போனில் உள்ள அந்த ஆப்போடு கட்டப்பட்டது. எடுக்காமல் ஆப்பை அழித்தால் பணம் காணாமல் போகாது. ஆனால் வங்கிக் கணக்குக்குத் திரும்பும்வரை கையில் இருக்காது. ஆப் இன்னும் உள்ளே விடுகிறது என்றால், முதலில் UPI Lite-ஐ மூடி இருப்பைக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

சரிபார்ப்பு முடிந்ததும் பெரிய தொகை அனுப்ப முடியவில்லை என்றால் பதற வேண்டாம். போனோ சிம்மோ மாறியதாக வங்கி கருதினால், ஆண்ட்ராய்டில் முதல் 24 மணி நேரமும் ஐபோனில் 72 மணி நேரமும் ₹5,000 வரைதான் அனுப்ப விடுவது வழக்கம். ஸ்லாட் மாற்றத்தை அப்படிக் கருதுவதும் கருதாததும் ஆப்பையும் வங்கியையும் பொறுத்தது. வாடகையோ பள்ளிக் கட்டணமோ கட்ட வேண்டிய நாளில் சிம் ட்ரேயில் கை வைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

## அந்த எஸ்எம்எஸ்ஸை வேறு யாராவது அனுப்பச் சொன்னால்

இவ்வளவு நேரம் பார்த்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருப்பதை நீங்களே கவனித்திருக்கலாம். குறியீடு எந்தப் போனுக்குக் கொடுத்ததோ அந்தப் போனோடுதான் எண் முடிச்சுப் போடப்படும். அப்படியானால் மோசடிக்காரர் தன் போனில் குறியீட்டை வாங்கி, அதை உங்களுக்கு அனுப்பி, ‘இதை அப்படியே இந்த எண்ணுக்கு ஃபார்வர்டு பண்ணுங்க சார், கேஒய்சி சரியாகிடும்’ என்று சொன்னால்? நீங்கள் அனுப்பிய நொடியில் உங்கள் எண் அவர் போனோடு பிணைந்துவிடும். அதற்குப் பிறகு அவருக்கு வேண்டியது பின் மட்டும்தான். புதுப் பின் வைக்க டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும் காலாவதித் தேதியும் ஓடிபியும் போதும். அடுத்த கேள்விகள் அவையாகத்தான் இருக்கும்.

ஆகவே அந்தப் புரியாத எழுத்து வரி, உங்கள் கையில் இருக்கும் ஆப்பில் நீங்களே தொடங்கிய சரிபார்ப்பிலிருந்து வந்திருந்தால் மட்டும் வெளியே போகலாம். வாட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வேறொருவரிடமிருந்து வந்திருந்தால் அனுப்பாதீர்கள். தெரியாமல் அனுப்பிவிட்டால், உங்கள் போனில் உங்கள் ஆப்பைத் திறந்து உடனே சரிபார்ப்பை மறுபடி முடியுங்கள். வங்கியை அழைத்து அந்தக் கணக்கில் யுபிஐயை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் அல்லது cybercrime.gov.in தளத்தில் அன்றே புகார் கொடுங்கள்.